ஐந்தாம் இலக்க லைன்

கதவைப் பூட்டிய பிறகு இரண்டு தரம் இழுத்துப் பார்ப்பேன். பிறகு படி இறங்கிப் போய்த் திரும்பி வந்து இன்னொரு தரம் இழுப்பேன். உனக்கு யாரிலும் நம்பிக்கை இல்லை என்று என் கணவர் சொல்வார். அது உண்மைதான். பிறக்கும்போதே கொண்டு வந்த குணமில்லை அது. யுத்தம் மறுபடி மூண்டிருந்த நாட்களில், கண்டியில், கணினிகளை வலையில் இணைக்கும் ஆறு ஸ்விட்ச் பெட்டிகளுக்குப் பொறுப்பாக இருந்தபோது வந்து ஒட்டிக்கொண்டது.

தேயிலைத் தோட்டங்களை நிர்வகிக்கும் ஒரு கம்பனியின் தலைமை அலுவலகம் அது. நான்கு மாடிக் கட்டடம். வத்தேகமப் பக்கம் அப்பா வேலை செய்த தோட்டமும் அந்தக் கம்பனிக்குத்தான் சொந்தம். தொழிலாளர் லயத்தில் வளர்ந்தவள் தலைமை அலுவலகத்தில் கணினி வலையமைப்பைப் பார்க்கிறாள் என்பது வீட்டில் பெரிய பேச்சு. எனக்கும் அதில் கொஞ்சம் தலைக்கனம் இருந்தது, மறைக்கவில்லை.

ஐடி பகுதியில் நாங்கள் மூன்று பேர். மேலாளர் சிங்களவர். நேர்முகத் தேர்வில் எனக்காக வாதாடி என்னை எடுத்தவர் அவர்தான். என்னை 'நங்கி', அதாவது தங்கை, என்றுதான் கூப்பிடுவார். இன்னொருவர் மடவளையைச் சேர்ந்த முஸ்லிம். கணினி பழுதுபார்ப்பது, வயர் இழுப்பது எல்லாம் அவர் வேலை. நான் அவரை அண்ணன் முறையில் 'நானா' என்பேன், அவர் என்னைத் 'தங்கச்சி' என்பார். பகலில் இரண்டு பேரும் ஒரே மேசையில் சாப்பிடுவோம். இந்த மூவருக்கும் வெளியே, என் கதையில் வருகிறவர் பாதுகாப்பு அதிகாரி ஒருவர்தான். இராணுவத்தில் மேஜராக இருந்து ஓய்வு பெற்றவர். கீழ்மாடியில் வாசல் கமராக்களின் திரைக்கு முன்னால் உட்கார்ந்திருப்பார்.

அந்த வருடம் பொலிஸிலிருந்து வந்து தமிழ் ஊழியர்களின் பெயர்ப் பட்டியலை வாங்கிக்கொண்டு போனார்கள். என் பெயரும் போனது. அவர்களுக்கு வத்தேகமத் தமிழும் யாழ்ப்பாணத் தமிழும் ஒன்றுதான். போதாததற்கு எனக்கு நிச்சயமாகியிருந்தவர் யாழ்ப்பாணத்தவர். கண்டியில் படிப்பித்துக்கொண்டிருந்த மனிதரை வவுனியாவுக்கு மாற்றியிருந்தார்கள். தினம் ஒரு மின்னஞ்சலாவது அனுப்புவேன். ஆங்கில எழுத்தில் தமிழ். தமிழ் எழுத்துரு ஏற்றிய கணினி அலுவலகத்தில் கிடையாது.

ஒரு திங்கட்கிழமை காலை வாசல் கமராக்களின் படம் நின்றுபோனது. பதிவுசெய்யும் பெட்டி வேலை செய்தது, அதிலிருந்து படம் மட்டும் வலையில் வரவில்லை. அந்த நாட்களில் வாசல் கமரா இருபது நிமிடம் குருடாக இருப்பது சிறிய விஷயமில்லை. மேஜர் மாடிப்படி ஏறி வந்து கத்தினார். நான் என் கணினியிலிருந்து ஸ்விட்ச்சுக்குள் நுழைந்து பார்ப்பதற்கு முன்பே மடவளை நானா கீழே போய் அதன் மின்வயரைப் பிடுங்கி மறுபடி செருகிவிட்டார். இரண்டு மூன்று நிமிடத்தில் படம் வந்தது.

எல்லோருக்கும் சந்தோஷம். எனக்கு ஆத்திரம். ஸ்விட்ச் தன் நினைவில் வைத்திருக்கும் குறிப்புகள், யார் எந்த முகவரியிலிருந்து நுழைந்து எதை மாற்றினார்கள் என்பதெல்லாம், மின்சாரம் போனால் அழிந்துவிடும். சேமிக்காமல் விட்ட மாற்றங்களும் அதோடு போய்விடும். மறுபடி இயக்கியதும் சரியாகிவிட்டதென்றால், யாரோ உள்ளே நுழைந்து ஒன்றை மாற்றி, சேமிக்காமல் விட்டிருக்கிறார்கள்.

"என்ன நானா, கேக்காம புடுங்கிட்டீங்களே. உள்ள என்ன இருந்திச்சுன்னு இனி எப்பிடிப் பாக்கிறது?"

"மேஜர் அங்க நிண்டு கத்துறாரு தங்கச்சி. நான் வேற என்ன செய்யிற? ஓஃப் பண்ணி ஓன் பண்ணினா எல்லாம் சரிவரும் தானே."

சரிவந்ததுதான் எனக்குப் பிடிக்கவில்லை. தடயத்தை அழிக்கவே பிடுங்கினாரோ என்று அன்று பகல் சோற்றைப் பிசைந்துகொண்டே யோசித்தேன். அவர் தன் வீட்டுப் பொரியலில் ஒரு கரண்டி என் தட்டில் வைத்தார். சாப்பிட்டேன். சந்தேகப்பட்டுக்கொண்டே சாப்பிட்டேன்.

மேஜருக்கு என்னைப் போல யோசனை தேவைப்படவில்லை. மறுநாள் என்னைக் கூப்பிட்டு, ஸ்விட்ச்சுக்குள் போகத் தெரிந்தவர்கள் யார் என்று சிங்களத்தில் கேட்டார். மூன்று பேர் என்றேன். "அதில் தமிழர் எத்தனை பேர்?" என்றார். இன்னொரு தரம் கமரா நின்றால் விஷயம் பொலிஸுக்குப் போகும் என்று சொல்லி அனுப்பினார். பொலிஸுக்குப் போனால் அதன் பிறகு எங்கே கொண்டுபோவார்கள் என்பது அந்த நாட்களில் தமிழ்ப் பிள்ளைகள் எல்லோருக்கும் தெரியும். போன மாதம்தான் எங்கள் தோட்டத்துப் பையன் ஒருவனைக் குட்ஷெட் பஸ் நிலையத்தில் வைத்துப் பிடித்தார்கள். இரண்டு கிழமை எங்கே இருக்கிறான் என்றே தெரியவில்லை.

நான் செய்யவில்லை என்று நிரூபிக்க என்னிடம் ஒன்றும் இல்லை. மூன்று பேரும் ஒரே கடவுச்சொல்லைத்தான் பாவித்தோம். உள்ளே போனவர் யார் என்று ஸ்விட்ச்சுக்கே தெரியாது. அதிலும் நாங்கள் போன வழி டெல்நெட். அதில் கடவுச்சொல் மூடாத தபாலட்டை மாதிரிப் போகும், வழியில் கை வைக்கிற எவரும் வாசிக்கலாம். கட்டடத்தின் எந்தக் கணினியிலிருந்தும் ஸ்விட்ச்சின் முகவரியைத் தட்டினால் அது கதவைத் திறந்து கடவுச்சொல்லைக் கேட்கும். அப்படி ஒரு வீட்டுக்கு என்னைக் காவலுக்கு வைத்துவிட்டு, களவு போனால் நான்தான் கள்ளி என்கிறார்கள்.

வீட்டைப் பூட்டுவது என்று முடிவெடுத்தேன். மேலாளரையும் மேஜரையும் உட்கார வைத்து, வலையில் போகும் தரவைப் பிடித்துக் காட்டும் ஒரு மென்பொருளை என் கணினியில் ஓடவிட்டேன். பிறகு டெல்நெட்டில் ஒரு ஸ்விட்ச்சுக்குள் நுழைந்தேன். திரையில் கடவுச்சொல் எழுத்தெழுத்தாக வந்து நின்றது. அவர்களே வாசித்தார்கள்.

மேஜர் திரையைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தார். "அப்படியென்றால் மற்றவர்களின் கடவுச்சொல்லை எடுக்க உனக்குத் தெரியும்" என்றார்.

நல்லது செய்யப் போய் வாங்கிக் கட்டிக்கொண்டேன். மேலாளர்தான் பேச்சை மாற்றி, வேலையைத் தொடங்கு நங்கி என்றார். அவர் குரலில் ஏதோ அவசரம் இருந்தது. என் பக்கம் நிற்கிறார் என்று நினைத்து உருகிப்போனேன்.

வேலை ஒரு மாதத்துக்கு மேல் எடுத்தது. முதலில், எங்கள் ஸ்விட்ச்சுகளில் இருந்த மென்பொருளில் எஸ்எஸ்எச் கிடையாது. எஸ்எஸ்எச் என்பது டெல்நெட் செய்கிற அதே வேலையைச் செய்யும், ஆனால் போகிற வருகிற எல்லாவற்றையும் மறைகுறியாக்கிவிடும். அதற்கு வேறு பதிப்பு வேண்டும். வாங்கக் கடிதம் எழுதியபோது, 'மறைகுறியாக்கம்' என்ற சொல்லுக்குக் கீழே மேஜர் சிவப்புக் கோடு போட்டுத் திருப்பி அனுப்பினார். ஒரு தமிழ்ப்பெண் எதற்கு ரகசிய எழுத்து கேட்கிறாள்? மூன்று தரம் விளக்கம் எழுதினேன். வங்கிகள் எல்லாம் இதைத்தான் பாவிக்கின்றன என்று மேலாளர் கையெழுத்துப் போட்ட பிறகுதான் விட்டார்.

பௌர்ணமி விடுமுறையான ஒரு போயா தினத்தில், அலுவலகம் வெறுமையாக இருந்த பகலில், நானும் நானாவும் மாடி மாடியாக ஏறிப் புதிய மென்பொருளை ஏற்றினோம். ஒவ்வொரு ஸ்விட்ச்சுக்கும் பெயர் வைத்து, டொமைன் பெயர் கொடுத்து, மறைகுறியாக்கத்துக்கான சாவிச் சோடியை உருவாக்கச் சொன்னேன். பழைய இயந்திரங்கள், ஒவ்வொன்றும் நிமிடக் கணக்கில் யோசித்தது. நானா அதன் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து பேரீச்சம்பழம் சாப்பிட்டார். எனக்கும் நீட்டினார்.

அடுத்தது நிர்வாக வீலான். அதுவரை ஸ்விட்ச்சுகளின் முகவரிகள் எல்லோருடைய கணினிகளும் இருந்த அதே வலையில் இருந்தன. அவற்றைப் பிரித்து, ஸ்விட்ச்சை நிர்வகிக்க மட்டும் ஒரு தனி வலை போட்டேன். ஐடி அறை மூலையில் ஒரு பழைய கணினியை மட்டும் அந்த வலையில் வைத்தேன். அங்கேயும் ஒரு தவறு செய்தேன். மாடிகளை இணைக்கும் வயரில் புதிய வீலானும் போகலாம் என்று அனுமதி கொடுக்க மறந்து, மூன்றாம் மாடி ஸ்விட்ச்சின் முகவரியை மாற்றிவிட்டேன். அதே கணத்தில் அது என் கைவிட்டுப் போனது. கொன்சோல் வயரைக் கழுத்தில் போட்டுக்கொண்டு மாடிக்கு ஓடி, நேரே செருகிச் சரிசெய்தேன்.

அதன் பிறகு மூவருக்கும் தனித்தனிப் பெயரும் கடவுச்சொல்லும் கொடுத்தேன். உள்ளே போனபின் மாற்றங்கள் செய்யத் தேவையான மேல்நிலைக் கடவுச்சொல்லையும் மாற்றி, புதிய முகவரிகளோடு கடதாசியில் எழுதி, உறையில் போட்டு மற்ற இருவரிடமும் கொடுத்தேன். தொலைவிலிருந்து நுழையும் லைன்களில் எஸ்எஸ்எச் மட்டும் என்று போட்டேன். நிர்வாக வலையிலிருந்து வராதவர்களைத் தடுக்கும் பட்டியலையும் கட்டினேன். ஸ்விட்ச்சின் குறிப்புகள் இனி அழியாதபடி, உடனுக்குடன் அந்த மூலைக் கணினிக்கு வந்து சேரச் செய்தேன். பிறகு என் மேசையிலிருந்து ஒரு ஸ்விட்ச்சுக்கு எஸ்எஸ்எச் போட்டுப் பார்த்தேன். மறுத்துவிட்டது. இனி எவர் வருவார் பார்ப்போம் என்று அன்று குட்ஷெட்டுக்கு நடந்துபோகும்போது எனக்குள்ளேயே சொல்லிக்கொண்டேன்.

இரண்டு கிழமை கழித்து ஒருவர் வந்தார்.

காலையில் மூலைக் கணினியைத் திறந்தேன். முதல்நாள் பிற்பகல் குறிப்பு ஒன்று இருந்தது. கீழ்மாடி ஸ்விட்ச்சில் யாரோ மாற்றம் செய்திருக்கிறார்கள். ஆள் பெயர் இல்லை. வந்த வழி, ஐந்தாம் இலக்க லைன். முகவரி பொது வலையைச் சேர்ந்தது.

அமைப்பைத் திறந்து வரி வரியாக வாசித்தேன். தப்பு என்னுடையது. ஸ்விட்ச்சில் தொலைவிலிருந்து நுழைய பூச்சியம் முதல் பதினைந்து வரை பதினாறு லைன்கள் உண்டு. அமைப்பில் அவை இரண்டு துண்டாக எழுதப்பட்டிருக்கும். பூச்சியம் முதல் நாலு வரை ஒன்று, ஐந்து முதல் பதினைந்து வரை மற்றது. நான் முதல் துண்டை மட்டும் பூட்டியிருந்தேன். இரண்டாவதில் டெல்நெட்டும் பழைய பொதுக் கடவுச்சொல்லும் அப்படியே இருந்தன, தடைப் பட்டியலும் இல்லை. யாராவது டெல்நெட்டில் வந்தால், அதை ஏற்கிற முதல் லைனுக்கு, அதாவது ஐந்தாவதுக்கு, ஸ்விட்ச்சே கூட்டிக்கொண்டு போய்விடும். எஸ்எஸ்எச்சைச் சோதித்தவள் டெல்நெட்டைச் சோதிக்கவில்லை. எவ்வளவு பெரிய மடைச்சி நான்.

ஆனால் அந்த மடத்தனம் எனக்கு ஒன்றைக் காட்டியது. உள்ளே வந்தபின் மாற்றம் செய்யப் புதிய மேல்நிலைக் கடவுச்சொல் வேண்டும். அது மூன்று பேரிடம்தான் இருந்தது. நான் செய்யவில்லை. நானாதான் என்று மனம் உடனே சொல்லிவிட்டது. வயரைப் பிடுங்கின கை. தட்டில் பொரியல் வைத்த கை.

வந்தவர் செய்த மாற்றம் என்ன என்று தேடினேன். இரண்டு வரிகள். வயர் செருகும் ஏழாம் துவாரத்தில் போவது வருவது எல்லாவற்றையும் பிரதி எடுத்து இருபத்திரண்டாம் துவாரத்துக்கு அனுப்பு. ஐடி பகுதியின் வயர்களும் கீழே இறங்கி அந்த ஸ்விட்ச்சுக்குத்தான் போகும், ஏழாம் துவாரம் என் மேசைக் கணினியுடையது.

ஒட்டுக்கேட்கப்பட்டது நான். கமரா நின்ற நாளும் அப்போதுதான் விளங்கியது. பிரதி அனுப்பும் துவாரமாக ஒன்றைக் குறித்தால், அதில் வழக்கமான போக்குவரத்து நின்றுவிடும். அன்று இலக்கத்தை மாற்றிப் போட்டுக் கமராப் பெட்டியின் துவாரத்தைக் குறித்திருக்கிறார்கள். இந்தத் தரம் சரியாகப் போட்டிருந்தார்கள்.

ஸ்விட்ச் அறைக்குப் போய் இருபத்திரண்டாம் துவாரத்து வயரை விரலால் பிடித்துக்கொண்டே அறைகளுக்கு வயர் பிரியும் சுவர்ப் பலகை வரை போனேன். அங்கே ஒட்டியிருந்த துண்டில் மேலாளரின் அறை இலக்கம் எழுதியிருந்தது. நம்பாமல் இன்னொரு தரம் பிடித்துப் பார்த்தேன். குறிப்பில் இருந்த முகவரி எந்தத் துவாரத்திலிருந்து வருகிறது என்றும் தேடினேன். அதுவும் அவர் அறைதான். என்னை எடுத்தவர். எனக்காகக் கையெழுத்துப் போட்டவர்.

அந்த இரண்டு வரிகளையும் திரையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். மூடினால், மறைக்க ஏதோ இருக்கிறது என்பார்கள், மேஜர் பொலிஸுக்கு எழுதுவார். மூடாமல் விட்டால் என் வேலையும் நானும் தப்புவோம். ஆனால் எனக்கு நிச்சயமானவருக்கு எழுதுவதை எல்லாம் யாரோ தினமும் வாசிப்பார்கள். அதில் பயந்து நடுங்கின கடிதங்களும் இருந்தன, வெட்கமில்லாத கடிதங்களும் இருந்தன. முதல்நாள் காலை கட்டுகஸ்தோட்டைச் சோதனைச் சாவடியில் ஒரு சிப்பாய் சோதிக்கிறேன் என்று என் மேல் கை வைத்ததை அன்று பின்னேரம் எழுதியிருந்தேன். அந்தக் கையை வெட்டிப்போட வேண்டும் என்றும் எழுதியிருந்தேன். 'உம்மட கோவத்தை மெயிலில எழுதாதேயும்' என்று அவர் எத்தனையோ தரம் சொல்லியிருந்தார்.

மூடினேன். மிச்சப் பதினொரு லைன்களுக்கும் எஸ்எஸ்எச் மட்டும், அதே தடைப் பட்டியல், பழைய கடவுச்சொல் நீக்கம். பிரதி எடுக்கும் வரிகளையும் அழித்தேன். ஆறு ஸ்விட்ச்சிலும் செய்து சேமித்தேன். இந்தத் தரம் டெல்நெட்டைத் தட்டிப் பார்த்தேன், இணைப்பு மறுக்கப்பட்டது. குறிப்பை அச்சடித்துக்கொண்டு போய் மேலாளரின் மேசையில் வைத்தேன்.

அவர் வாசித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார். மறுக்கவில்லை. "கமரா நின்ற அடுத்த நாளே சரியாகப் போட்டேன், மென்பொருள் மாற்றியபோது அழிந்ததை நேற்றுத் திரும்பப் போட்டேன். கிழமைக்கொரு அறிக்கை கேட்டார்கள், நங்கி. நான் மறுத்திருந்தால் உன்னை நிறுத்தச் சொல்லியிருப்பார்கள்" என்று சிங்களத்தில் மெதுவாகச் சொன்னார். பிறகு, "நீ மூடிவிட்டாய் என்று நான் அறிவிக்க வேண்டிவரும்" என்றார்.

"அறிவியுங்கள்" என்றேன். அழுகை வந்தது. அவர் முன்னால் அழக்கூடாது என்று வெளியே வந்துவிட்டேன்.

மறுநாள் மேஜர் கூப்பிட்டார். பையில் மாற்று உடுப்பும் அம்மாவின் தொலைபேசி இலக்கமும் வைத்துக்கொண்டுதான் வேலைக்குப் போயிருந்தேன். அவர் ஒரு கோப்பைத் திறந்து, பக்கம் பக்கமாகப் புரட்டி, கடைசியில் மூடினார். "எட்டுக் கிழமை பார்த்தோம். கல்யாணப் பேச்சு, அம்மாவின் வருத்தம், பஸ் வரவில்லை என்ற கோபம். வேறு ஒன்றும் இல்லை. போ, வேலையைப் பார்" என்றார்.

படி ஏறும்போதுதான் நின்றேன். வேறு ஒன்றும் இல்லையா? சாவடிக் கடிதம் போனது முந்தாநாள் பின்னேரம், மறுபடி பிரதி எடுக்கத் தொடங்கிய பிறகு. அதுவும் அந்தக் கோப்பில் இருந்திருக்க வேண்டும். அது இருந்திருந்தால் நான் படி ஏறிக்கொண்டிருக்க மாட்டேன். அதோடு, மேலாளருக்கு ஒரு சொல் தமிழ் தெரியாது. மேஜருக்கும் தெரியாது.

ஐடி அறையில் நானா ஒரு விசைப்பலகையைக் கவிழ்த்துத் தட்டிக்கொண்டிருந்தார்.

"நானா, என் மெயிலை எல்லாம் அவங்களுக்கு யாரு வாசிச்சுச் சொன்னது?"

விசைப்பலகையை மெதுவாக மேசையில் வைத்தார். "நான் தான்."

"எவ்வளவு நாளா?"

"தொடக்கத்திலிருந்தே. கூப்பிட்டு வாசிங்க எண்டாங்க. ஏலா எண்டு செல்ல எனக்கும் பயமா ஈந்திச்சி. எங்கட ஆக்களயும் இப்ப லேசுல வுடுறாங்களா?"

"சாவடி மெயிலு?"

அவர் கதவுப் பக்கம் ஒரு தரம் பார்த்தார். "பஸ் பிந்தி வந்த கோவத்துல எழுதீக்கிறா எண்டு செல்லினேன். அது மட்டுமில்ல, இன்னும் நாலஞ்சு எடத்துல மாத்தித்தான் செல்லினேன். அல்லாஹ் அறிய, கெட்டதா ஒண்டும் என்ட வாயால வரல்ல தங்கச்சி."

அவர் சொன்னது அத்தனையும் உண்மை. எனக்கு அது தெரிந்தது. அந்தப் பொய்கள் வெளியே வந்தால், என்னைவிட முதலில் அவரைத்தான் கொண்டுபோயிருப்பார்கள். அதுவும் தெரிந்தது. எழும்பி அவர் கையைப் பிடித்து நன்றி சொல்லியிருக்க வேண்டும். ஆனால் எனக்கு வந்ததெல்லாம் ஒரே ஒரு நினைப்பு. எட்டுக் கிழமை என் எதிரில் உட்கார்ந்து சோறு சாப்பிட்டபோது, நான் யாருக்கு என்ன எழுதினேன் என்பது இந்த மனிதருக்கு வரிக்கு வரி தெரிந்திருக்கிறது.

"வாசிச்சிட்டு என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே நானா" என்றேன்.

"செல்லியிருந்தா நீங்க எழுதுறத நிப்பாட்டீப்பீங்க. அப்ப அவங்களுக்கு விளங்கும்."

நான் இன்னும் ஒரு வருடம் அங்கே வேலை செய்தேன். டெல்நெட் அதற்குப் பிறகு திறக்கவில்லை, குறிப்புகளில் பெயரில்லாத ஒருவரும் வரவில்லை. பகலில் ஏதாவது ஒரு சாட்டுச் சொல்லித் தனியே சாப்பிட்டேன். முதல் சில நாட்கள் நானா என் கதிரையை இழுத்துப் போட்டுவிட்டுக் காத்திருந்தார். பிறகு அவரும் தன் மேசையிலேயே சாப்பிடத் தொடங்கினார்.